ராவணனுக்கு நான்கு நிமிடம்

தசராவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அக்கா மகள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தில்லி ஆர்.கே.புரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் தமிழில் வழக்காடு மன்றம். ராவணன் குற்றவாளியா, அநீதிக்கு ஆளான அரசனா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு ராவணன் பக்கம் விழுந்திருக்கிறது. நான்கு நிமிடப் பேச்சு. மூன்றாவது நிமிடத்தில் ஒரு மணி, நான்காவதில் இரண்டு மணி. அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு இரண்டு கேள்வி கேட்கலாம்.

"மாமா, எல்லாம் எழுதிட்டேன். தமிழ் மட்டும் கொஞ்சம் சரிபார்த்துக் குடுங்க."

தமிழில் பெரிய பிழை ஒன்றுமில்லை. வழக்கில்தான் இருந்தது. பத்துத் தலை என்பது நான்கு வேதமும் ஆறு சாஸ்திரமும் என்று தொடங்கியிருந்தாள். ராவணன் வீணை வித்தகன், தங்கைக்காகப் போர் தொடுத்த அண்ணன், சீதையை விரலால்கூடத் தொடாத கண்ணியவான் என்று பேச்சு போகிறது. ராமேஸ்வரத்தில் ராமனுக்கே பூஜை செய்து வைத்த புரோகிதனும் அவன்தான், சாகும்போது லட்சுமணனுக்கு அரசியல் பாடம் சொன்ன ஆசானும் அவன்தான். கடைசியில் சீதை அவனுடைய சொந்த மகள் என்றும் ஒரு வரி. எல்லாம் வாட்ஸப்பில் வந்தவை. கேட்கும்போது கைதட்டல் வரும். எதிரில் இருக்கும் பிள்ளை எழுந்து "இது எந்தக் காண்டம்?" என்று கேட்டால் அவ்வளவுதான்.

புரோகிதன் கதையும் லட்சுமணனுக்குச் சொன்ன பாடமும் வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. அவை பின்னாளில் வாய்வழியாக வளர்ந்தவை. சீதை ராவணனின் மகள் என்பது சில சமண ராமாயணங்களில் உண்டு. ஆனால் சமணர் கதையில் ராவணனைக் கொல்பவனே லட்சுமணன்தான், அரக்கர் என்றொரு கூட்டமே கிடையாது, அவர்கள் வித்யாதரர்கள். ஒரு வரியை அங்கிருந்து எடுத்தால் மற்றதையும் எடுக்க வேண்டிவரும். நமக்குச் சாதகமான துண்டை ஒவ்வொரு ராமாயணத்திலிருந்தும் வெட்டி ஒட்டினால் கிடைக்கும் ராவணன் எந்தக் கவிஞனும் பாடாத ராவணன். அவனுக்காக வாதாட முடியாது, ஏனென்றால் அவன் எந்தக் குற்றமும் செய்திருக்க மாட்டான். (எதிர்த்தரப்புக்கும் இதே ஆபத்து உண்டு. லட்சுமணன் கிழித்த கோடு வால்மீகியில் இல்லை. அதை வைத்து யாராவது பேசினால் நீயும் காண்டம் கேள் என்று சொல்லிவைத்தேன்.)

ஆகவே முதல் வேலை, எந்த ராவணன் என்று முடிவு செய்வது. மன்றம் தமிழில் நடக்கிறது, நடுவர் கம்பனைப் படித்தவராகத்தான் இருப்பார். கம்பனை முதல் சாட்சியாகவும் வால்மீகியை இரண்டாம் சாட்சியாகவும் வைத்துக்கொள்வோம், மூன்றாவது வேண்டாம் என்றேன். அவளுக்கு முகம் சுருங்கியது. தாளில் பாதி போய்விட்டது அல்லவா.

மீதிப் பாதியில் பெரிய தூணாக இருந்தது தங்கை. சூர்ப்பணகையின் மூக்கை அறுத்தார்கள், அண்ணன் பழிவாங்கினான், இதில் என்ன தப்பு? கேட்டவுடன் பிடித்துக்கொள்ளும் வாதம். அதில் உண்மையும் இருக்கிறது. வால்மீகியில் ராமன் அவளிடம் எனக்கு மனைவி இருக்கிறாள், தம்பியைப் போய்ப் பார் என்று அனுப்புகிறான். தம்பி நான் அடிமை, அண்ணனிடமே போ என்று திருப்பி அனுப்புகிறான். இரண்டு பேருக்கும் அது விளையாட்டு. அவள் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு கடைசியில் சீதை மேல் பாய்கிறாள், அப்போது விழுகிறது கத்தி. சீதையைக் காக்க அவளைத் தடுத்தாக வேண்டியிருந்தது என்பதை மறுக்க முடியாது. அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்த கேலியும் தண்டனையின் அளவும் கேள்விக்கு உரியவைதான்.

ஆனால் இந்தத் தூண் ராவணனைத் தாங்காது. சூர்ப்பணகை இலங்கைக்கு வந்து அழுத பிறகு அவன் மனம் போன போக்கைக் கம்பன் ஒரே பாட்டில் சொல்லிவிடுகிறான்:

கரனையும் மறந்தான், தங்கை மூக்கினைக் கடிந்து நின்றான்
உரனையும் மறந்தான், உற்ற பழியையும் மறந்தான், வெற்றி
அரனையும் கொண்ட காமன் அம்பினால், முன்னைப் பெற்ற
வரனையும் மறந்தான், கேட்ட மங்கையை மறந்திலாதான்.

ராமனோடு போரிட்டுச் செத்துப்போன கரனை மறந்தான். தங்கை மூக்கை அறுத்தவனின் வலிமையை மறந்தான். வந்த பழியை மறந்தான். வாங்கிய வரத்தையும் மறந்தான். காதில் விழுந்த பெண்ணை மட்டும் மறக்கவில்லை. தங்கைக்காகப் போனான் என்று சொல்லி முடிப்பதற்குள் எதிர்த்தரப்பு இந்தப் பாட்டைச் சொன்னால், பதில் கிடையாது. இதற்கு மேல் உத்தர காண்டத்தில் இன்னொன்று இருக்கிறது. சூர்ப்பணகையின் கணவன் வித்யுஜ்ஜிஹ்வனைப் போரில் வெட்டிச் சாய்த்ததே ராவணன்தான். அவளை விதவையாக்கி, பிறகு சமாதானம் சொல்லி, கரனோடு தண்டக வனத்துக்கு அனுப்பி வைக்கிறான். அந்த வனத்தில்தான் அவள் ராமனைப் பார்க்கிறாள். பாசமுள்ள அண்ணன் என்று தொடங்கினால் வழக்கு அங்கே போய் முடியும்.

அடுத்தது 'தொடவில்லை'. இந்த வாதத்தைச் சொல்லாத ராவணன் பேச்சை நான் கேட்டதில்லை. கம்பனின் ராவணன் சீதையைத் தொடாமல் குடிசையோடு நிலத்தையே பெயர்த்துத் தூக்கிப் போகிறான், உண்மைதான். வால்மீகியில் அப்படி இல்லை, கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். சரி, நாம் கம்பனைத்தானே முதல் சாட்சியாக வைத்தோம் என்றாள் அவள். அந்தப் பாட்டை எடுத்துப் படிக்கச் சொன்னேன். 'தீண்டான், அயன் மேல் உரை சிந்தைசெயா' என்று இருக்கிறது. அயன் என்றால் பிரம்மன். பிரம்மன் முன்பு சொன்னதை மனத்தில் கொண்டு தீண்டவில்லை. விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டால் தலை சிதறும் என்ற சாபம் அது. வால்மீகியிலும் ராவணனே தன் சபையில் இதைச் சொல்கிறான். முன்பு ஒரு தேவப் பெண்ணை வலுவில் பிடித்ததற்குக் கிடைத்த சாபம். அதாவது நம் முதல் சாட்சி, நாம் ஒழுக்கம் என்று காட்டும் இடத்திலேயே அது பயம் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டது.

அசோக வனத்தில் கண்ணியமாக வைத்திருந்தான் என்பதும் நிற்காது. வால்மீகியில் பன்னிரண்டு மாதக் கெடு வைக்கிறான். அனுமன் மரத்தில் ஒளிந்து கேட்கும்போது இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி, அதற்குள் இணங்காவிட்டால் என் காலை உணவுக்காகச் சமையல்காரர்கள் உன்னை வெட்டுவார்கள் என்கிறான். இதைப் படித்ததும் அவள் சிறிது நேரம் பேசவில்லை. "அப்ப நான் என்னதான் மாமா பேசறது?"

இந்த இடத்தில்தான் தலைப்பை மறுபடி படிக்கச் சொன்னேன். ராவணன் நல்லவனா என்று தலைப்பு கேட்கவில்லை. அநீதிக்கு ஆளானவனா என்று கேட்கிறது. இரண்டும் வேறு. குற்றம் செய்தவனுக்கும் அநீதி நடக்கலாம். திருடியவனைக் கட்டிவைத்து அடித்தால், திருட்டும் உண்மை, அடியும் தப்பு. நிரபராதி என்று நிரூபிக்கப் போனால் கம்பனே எதிரி. செய்த குற்றத்துக்கும் பட்டதற்கும் கணக்குப் பொருந்தவில்லை என்று காட்டினால் கம்பனும் வால்மீகியும் துணைக்கு வருகிறார்கள். வக்கீல்கள் இதைத்தான் செய்வார்கள் என்று சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்படித் தேடும்போது முதலில் கிடைப்பது ஒரு சொத்து வழக்கு. தில்லியில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். இலங்கை குபேரனுடையது, ராவணன் அண்ணனை விரட்டிப் பிடித்துக்கொண்டான் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. உத்தர காண்டம் அதற்கு முன்னால் இருந்து தொடங்குகிறது. குபேரனுக்கு முன்பு இலங்கையில் ஆண்டவர்கள் மாலியவான், சுமாலி, மாலி என்ற மூன்று அரக்கச் சகோதரர்கள். திருமாலுடன் நடந்த போரில் மாலி இறந்துபோக, மற்றவர்கள் பாதாளத்துக்கு ஓடிவிட்டார்கள். காலியாகக் கிடந்த ஊரில் தந்தை விச்ரவசின் சொல்படி குபேரன் குடியேறினான். அந்தச் சுமாலியின் மகள் கைகசியின் பிள்ளைதான் ராவணன். வரம் வாங்கி வந்த பேரனிடம் தாத்தா ஊரைத் திரும்பக் கேள் என்கிறார். ராவணன் முதலில் மறுக்கிறான். குபேரன் எனக்கு மூத்தவன், அப்படிப் பேசாதீர்கள் என்கிறான். பிறகு பிரகஸ்தன் பேசி மனத்தை மாற்றுகிறான். தூது போகிறது, தந்தையின் யோசனைப்படி குபேரன் சண்டையில்லாமல் காலி செய்துகொடுத்துக் கயிலைப் பக்கம் போய்விடுகிறான். புஷ்பக விமானத்தைப் பிடுங்கியது பிறகு நடந்த வேறு போரில், அதற்கு நாம் வக்காலத்து வாங்க வேண்டாம். ஊரைப் பொறுத்தவரை தாய்வழிப் பாட்டன் இழந்ததைப் பேரன் கேட்டு வாங்கினான் என்று வாதாட இடம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. கம்பன் பாடியது ஆறு காண்டம்தான், உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்வார்கள். ஆகவே இதைக் கம்பன் சொன்னதாகச் சொல்லக்கூடாது.

இரண்டாவது, கடற்கரையில் நடந்த முடிசூட்டு. விபீஷணன் வந்து அடைக்கலம் கேட்கிறான். வால்மீகியில் ராமன் லட்சுமணனைக் கடல் நீர் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே அவனை அரக்கர்களின் அரசனாக அபிஷேகம் செய்விக்கிறான். அணை இன்னும் கட்டவில்லை. இலங்கையில் அரசன் உயிரோடு சிம்மாசனத்தில் இருக்கிறான். மனைவியை மீட்க வந்தவன் எதற்காக அடுத்த அரசனை நியமிக்க வேண்டும்? சீதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போர் இல்லை என்று பிறகு அங்கதன் தூது போகும்போது, மாற்று அரசன் ஏற்கெனவே தயாராக இருக்கிறான். 'அரசன்' என்ற சொல் தலைப்பில் இருப்பதற்கு மிகவும் பொருந்துகிற வாதம் இதுதான் என்பது என் எண்ணம். இதற்கும் பதில் இருக்கிறது. அடைக்கலம் வந்தவனுக்கு வாக்குக் கொடுப்பது அரச தர்மம் என்பார்கள். நல்ல பதில்தான். ஆனால் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு எதிர்த்தரப்பு வந்தாலே இவளுக்கு அரை வெற்றி.

இதற்கு நடுவே அக்காவின் மாமனார் ஹாலில் இருந்து குரல் கொடுத்தார். "இராவணன் மேலது நீறுன்னு சம்பந்தர் பாடியிருக்காரே, அதைச் சொல்லேன்." திருநீற்றுப் பதிகத்தின் எட்டாம் பாட்டு. சம்பந்தரின் பதிகங்களில் எட்டாவது பாட்டு வழக்கமாக ராவணனுக்குத்தான் போகும். கயிலையைத் தூக்கி, சிவன் கால்விரலால் அழுத்தியதில் நசுங்கி, சாமகானம் பாடி, வாளும் வாழ்நாளும் பெற்றவன். தில்லியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு விநோதமான இரட்டை வாழ்க்கை. வீட்டில் தாத்தா திருநீறு பூசும்போது ராவணன் பெயர் வருகிறது. வாசலைத் தாண்டினால் பூங்காவில் அவனைக் கொளுத்த மூங்கில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளியில் கூடப் படிக்கிற பையன் "ராவணன் உங்க ஊர்க்காரன்தானே" என்கிறான். அது தலைநகரத்துக்கே உரிய கேலி.

ராவணனை நம் ஆள் என்று அரசியலாகவே சொன்ன காலமும் உண்டு, அதையும் அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். 1946இல் புலவர் குழந்தையின் இராவண காவியம் வந்தது, 1948இல் தடை செய்யப்பட்டது, 1971இல்தான் தடை நீங்கியது. அண்ணாவின் நீதிதேவன் மயக்கம் நாடகத்தில், இரக்கமில்லாதவன் என்று கம்பன் சொன்ன குற்றச்சாட்டின் மேல் ராவணனே எழுந்து வாதாடுவான். வழக்காடு மன்றத்துக்கு அதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடையாது. 1974 டிசம்பரில் சென்னை பெரியார் திடலில் மணியம்மையார் நடத்திய ராவண லீலாவில் ராமன், லட்சுமணன், சீதை உருவங்கள் எரிக்கப்பட்டன. தில்லி ராம்லீலாவுக்கு எதிர்ப்பாகவே அது நடந்தது. இவையெல்லாம் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் வரலாறு, அப்படிச் சொன்னால் வலுவாக நிற்கும். ராவணன் திராவிட அரசன் என்பதைக் காப்பியத்தின் வரிகளிலிருந்தே நிறுவப் போனால், அவன் புலஸ்திய முனிவரின் பேரன் என்று எதிர்த்தரப்பு வம்சாவளியை எடுத்து நீட்டும். நான்கு நிமிடத்தில் அதற்குள் நுழைந்தால் வெளியே வர முடியாது. விட்டுவிட்டோம்.

மூன்றாவது வாதத்தை அவளே கண்டுபிடித்தாள். ராவணன் விழுந்த பிறகு என்ன நடந்தது என்று கேட்டாள். வால்மீகியில் விபீஷணன் ஈமக்கடன் செய்யத் தயங்குகிறான். இவன் அதற்குத் தகுதியில்லாதவன் என்கிறான். அவனை வற்புறுத்துகிறவன் ராமன். பகை சாவோடு தீர்ந்துவிட்டது, வந்த காரியம் முடிந்தது, செய்ய வேண்டியதைச் செய், உனக்கு எப்படியோ எனக்கும் இவன் அப்படியே என்கிறான். முறைப்படி சிதை அடுக்கி, சந்தனக் கட்டை வைத்து, எரியூட்டுகிறார்கள்.

"அப்ப ஒரு தடவை மரியாதையா எரிச்சாச்சு. இங்க ஏன் வருஷா வருஷம் பட்டாசு வெச்சு எரிக்கிறாங்க?"

தில்லித் தமிழ்ப் பிள்ளைதான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். மேற்கு தில்லியில் தாகூர் கார்டன் பக்கம் தித்தார்பூர் என்ற இடத்தில் தசராவுக்கு முன்பு சாலையோரமெல்லாம் தலை தலையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மூங்கில் சட்டம், மேலே காகிதம், வயிற்றுக்குள் பட்டாசு. ராவணனோடு கும்பகர்ணனும் மேகநாதனும் சேர்ந்து எரிவார்கள். கும்பகர்ணன் செய்த குற்றம் என்ன? கம்பனில் அண்ணனின் சபையிலேயே முகத்துக்கு நேராக 'பேசுவது மானம். இடை பேணுவது காமம்' என்று சொன்னவன் அவன். சொல்லிவிட்டு, சோற்றுக் கடனுக்காகப் போய்ச் செத்தவன். அவனையும் சேர்த்துக் கொளுத்துவதற்கு எந்தக் காண்டத்தில் ஆதாரம் என்று இப்போது இவள் கேட்கலாம். நொய்டா தாண்டிப் பிஸ்ரக் என்ற கிராமத்தில் ராவணன் பிறந்த ஊர் எங்களுடையது என்று சொல்லி உருவத்தைக் கொளுத்துவதே இல்லை. அதை ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டாள்.

மேடைத் தமிழில் நான்கு நிமிடம் என்றால் ஏறக்குறைய நானூறு சொல். அதற்கு மேல் எழுதினால் ஓட வேண்டிவரும், ஓடினால் ளகரமும் ழகரமும் கீழே விழும். புதிய பேச்சில் முதல் முக்கால் நிமிடம் ஒப்புதல். சீதையைக் கவர்ந்தது குற்றம், தொடாமல் இருந்தது சாபத்துக்குப் பயந்து, தங்கைக்காகப் போனான் என்று நான் சொல்லப் போவதில்லை என்று அவளே சொல்லிவிடுகிறாள். எதிர்த்தரப்பு தயாரித்து வந்த இரண்டு பாட்டும் அப்போதே கைநழுவிப் போகின்றன. எதிரி சொல்லும்போது இடியாக விழும் பாட்டு, நாமே சொன்னால் நேர்மையாகக் கேட்கும். அடுத்த ஒரு நிமிடம் சுமாலியின் ஊருக்கு, அதற்கடுத்த ஒரு நிமிடம் கடற்கரை முடிசூட்டுக்கு. முதல் மணி அடிக்கும்போது ராமன் சொன்ன ஈமக்கடன் வார்த்தையில் இருக்க வேண்டும். முடிவு தித்தார்பூரில்.

நடுவில் மண்டோதரிக்கு இடம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கணவன் உடம்பின் மேல் விழுந்து அவள் அழுகிற பாட்டு:

கள்இருக்கும் மலர்க்கூந்தல் சானகியை மனச்சிறையில் கரந்த காதல்
உள்இருக்கும் எனக்கருதி உடல்புகுந்து தடவியதோ ஒருவன் வாளி

சீதை மேல் வைத்த காதல் உள்ளே எங்காவது ஒளிந்திருக்கும் என்று அம்பு உடம்பெல்லாம் தடவிப் பார்த்ததா என்கிறாள். ராவணன் குற்றத்தைக் கொஞ்சமும் மறைக்காமல், அவனுக்காக அழவும் வைக்கிற பாட்டு. பத்து வாதத்தால் ஆகாததை நடுவரிடம் இது செய்யும். சொல் நானூறைத் தாண்டுகிறது என்று அவள் வீணையை வெட்டிவிட்டாள்.

போட்டி அன்று இரண்டாவது மணிக்கு முன்பே முடித்துவிட்டாளாம். எதிர்த்தரப்புப் பையன் முதல் கேள்வியாக முடிசூட்டைத் தொட்டான், அடைக்கல தர்மம் என்றான். எதிர்பார்த்ததுதான், சமாளித்தாள். இரண்டாவது கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றாதது. "நான்கு நிமிடத்தில் அரசனுக்கு நடந்த அநீதியைச் சொன்னீர்கள். பத்து மாதம் சிறையில் இருந்த சீதைக்கு ஈடாக இலங்கை அரசு எதைக் கொடுத்திருக்க வேண்டும்?" ஒரு நிமிடம் அப்படியே நின்றாளாம். பிறகு, "மண்டோதரியைக் கேட்டிருந்தால் முதல் நாளே திருப்பி அனுப்பியிருப்பாள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் பரிசு. அது சரியான பதிலா என்று வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது. மாமனார் இல்லை என்கிறார், அக்கா ஆமாம் என்கிறாள்.